சமயக் கல்விக் கட்டுரைக்கு மதிப்பெண் குறைந்தால்: ஏ லெவல் மேல்முறையீட்டுக் கடிதம் பற்றிய கேள்விகள்

இங்கிலாந்தில் ஏக்யூஏ தேர்வு வாரியத்தின் ஏ லெவல் சமயக் கல்விப் பாடத்தை எழுதிய மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இந்தப் பக்கம். மற்ற வாரியங்களிலும் நடைமுறை பெரும்பாலும் இதேதான். அளவுகோலின் சொற்கள் மட்டும் மாறும்.

என் மகள் நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள். 15க்கு 8தான் வந்திருக்கிறது. நேராக வாரியத்துக்கே கடிதம் எழுதலாமா?

முடியாது. பள்ளியில் படித்து எழுதியவர் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். தனித்தேர்வராக எழுதியவர் மட்டும் வாரியத்தை நேரடியாக அணுகலாம். அதனால் முதல் கடிதம் பள்ளியின் தேர்வு அலுவலருக்கு. அதன் நகலைச் சமயக் கல்வித் துறைத் தலைவருக்கும் அனுப்புங்கள். விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று தேர்வு அலுவலர் முடிவெடுக்கும்போது அவர் கருத்தைத்தான் கேட்பார்.

வழியில் மூன்று படிகள். முதலில் விடைத்தாளின் நகலைப் பெற்றுப் படித்துப் பார்ப்பது. அடுத்து மதிப்பீட்டு மறுஆய்வு. அதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடு. பேச்சில் எல்லாவற்றையும் 'அப்பீல்' என்றே சொல்கிறோம். வாரியத்தின் கணக்கில் மறுஆய்வு முடிந்த பிறகுதான் மேல்முறையீடு என்ற ஒன்றே தொடங்குகிறது.

அப்படியென்றால் அளவுகோலை மேற்கோள் காட்டி வாதாடும் கடிதம் எந்தப் படியில் போகும்?

பலர் இடறுவது இங்கேதான். மறுஆய்வுக்குப் பள்ளி ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறது. உங்கள் வாதம் அதோடு போவதில்லை. முதலில் திருத்தியவர் அல்லாத வேறொருவர் விடைத்தாளையும் முதல் மதிப்பெண்ணையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு பார்ப்பார். உங்கள் மகளின் கடிதத்தை அவர் படிக்க மாட்டார்.

ஆகவே அந்தக் கடிதத்துக்கு இரண்டு வேலைகள். மறுஆய்வுக்கு விண்ணப்பிக்கப் பள்ளியை இணங்க வைப்பது முதல் வேலை. மறுஆய்விலும் மதிப்பெண் மாறாவிட்டால், பள்ளி முதல்வர் அனுப்பும் மேல்முறையீட்டுக்கு அடிப்படை ஆவது இரண்டாவது. தொடக்கத்திலேயே ஒழுங்காக எழுதிவிட்டால் இரண்டாம் முறை சில பத்திகளை மாற்றினால் போதும்.

கடிதத்தில் எதை நிரூபிக்க வேண்டும்? 'இன்னும் அதிகம் கிடைத்திருக்க வேண்டும்' என்றால் போதாதா?

போதாது. இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்குவால் 2016இல் கொண்டுவந்த விதிப்படி, மறுஆய்வாளர் ஒரு 'மதிப்பீட்டுப் பிழை' இருந்தால் மட்டுமே மதிப்பெண்ணை மாற்றலாம். விடைத்தாளில் உள்ளதையும் அளவுகோலையும் பார்த்தால் நியாயமாகக் கொடுத்திருக்கவே முடியாத மதிப்பெண்ணுக்குத்தான் அந்தப் பெயர். ஒரே கட்டுரைக்கு ஒருவர் 8 போடுவார், இன்னொருவர் 9 போடுவார், இரண்டும் நியாயமாகவே இருக்கலாம். அப்போது 8 அப்படியே நிற்கும். மறுஆய்வாளருக்கே 9 சரியென்று பட்டாலும் அவர் அதைத் தொடக்கூடாது.

கட்டுரைப் பாடத்தில் பிழை மூன்று வகையாக வரும். ஒரு பக்கம் திருத்தப்படாமல் விடுபடுவதும் கூட்டல் தவறுவதும் நிர்வாகப் பிழை. மதிப்பெண் திட்டத்தைப் பயன்படுத்த வேண்டிய விதத்தில் பயன்படுத்தாதது இரண்டாவது. அளவுகோலை வைத்துப் படித்த எந்த ஆசிரியரும் எடுக்க முடியாத முடிவை எடுத்தது மூன்றாவது. 'என் கருத்தோடு அவர் ஒத்துப்போகவில்லை' என்பது இந்த மூன்றிலும் அடங்காது.

அளவுகோல் என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கே கிடைக்கும்?

அந்த ஆண்டு, அந்தத் தாளுக்குரிய மதிப்பெண் திட்டம்தான். பள்ளியில் கேட்டால் தருவார்கள். பழைய ஆண்டின் திட்டத்தை வைத்து எழுதாதீர்கள். நிலை விளக்கங்கள் ஒன்றாக இருந்தாலும், விடையில் என்னென்ன வரலாம் என்று சொல்லும் உள்ளடக்கக் குறிப்பு கேள்விக்குக் கேள்வி வேறு.

ஏக்யூஏ ஏ லெவலில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 100 மதிப்பெண். முதல் தாளின் ஒவ்வொரு கேள்வியும் இரண்டு கூறுகளாக வரும். 10 மதிப்பெண் கூறு அறிவையும் புரிதலையும் சோதிக்கிறது. 15 மதிப்பெண் கூறு பகுப்பாய்வையும் மதிப்பிடும் திறனையும் சோதிக்கிறது. தகராறு பெரும்பாலும் இந்த 15இல்தான் வரும்.

15 மதிப்பெண்ணுக்கு ஐந்து நிலைகள், ஒவ்வொன்றிலும் மூன்று மதிப்பெண். மூன்றாம் நிலை 7 முதல் 9 வரை, நான்காம் நிலை 10 முதல் 12 வரை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை மகளோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். கேள்வி எழுப்பும் பிரச்சினைக்குப் பொதுப்படையாகப் பதில் சொன்னால் மூன்றாம் நிலை. அதன் மேல் நன்றாகக் குவிந்து நின்றால் நான்காம் நிலை. மூன்றாம் நிலையில் பல பார்வைகள் சான்றோடும் ஓரளவு வாதத்தோடும் வரும், ஆனால் முடிவை வாதம் முழுதாகத் தாங்காது. நான்காம் நிலையில் விமர்சனப் பகுப்பாய்வு ஓரளவு இருக்கும், முடிவை வாதம் தாங்கும். கடிதம் முழுக்க இந்த மூன்று வேறுபாடுகளைச் சுற்றியே நகர வேண்டும்.

நிலையை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒரு நல்ல பத்தி இருந்தால் மேலே போகுமா?

போகாது. திருத்துபவர் முதலில் நிலையை முடிவு செய்கிறார், பிறகு அந்த நிலைக்குள் எண்ணைத் தேர்கிறார். விடையை மொத்தமாகப் பார்க்க வேண்டும், சின்னச் சின்னக் குறைகளைத் தோண்டக் கூடாது என்பது அவருக்கான அறிவுரை. வெவ்வேறு நிலைகளின் தன்மை கலந்திருந்தால் எது மிகப் பொருந்துகிறதோ அந்த நிலை. பெரும்பகுதி மூன்றாம் நிலையாகவும் சிறு பகுதி நான்காம் நிலையாகவும் இருந்தால், மூன்றாம் நிலைக்குள்ளேயே உச்சத்துக்கு அருகில் மதிப்பெண் வரும்.

இதிலிருந்து கடிதத்துக்கு இரண்டு வாசல்கள் திறக்கின்றன. 'விடையின் பெரும்பகுதியே நான்காம் நிலை' என்று காட்டுவது ஒன்று. 'பெரும்பகுதி மூன்றாம் நிலைதான், ஆனால் நான்காம் நிலைப் பகுதிகள் தெளிவாக இருந்தும் உச்சத்தில் வைக்கவில்லை' என்று காட்டுவது மற்றொன்று. இரண்டாவதில் 8இலிருந்து 9க்கு ஒரு மதிப்பெண்தான் கிடைக்கும், அதையும் 'நியாயமான வேறுபாடு' என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். முதல் வாசல் திறக்கவில்லையென்றால் விண்ணப்பிக்கும் முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

ஒரு கட்டுரையை எடுத்துக் காட்ட முடியுமா? எந்த வரியை எந்த அளவுகோலோடு சேர்ப்பது?

முதல் தாளில் தீமை, துன்பம் என்ற பாடப்பகுதி உண்டு. அதிலிருந்து ஒரு மாதிரிக் கேள்வி: 'மனிதன் செய்யும் தீமையைச் சுதந்திர விருப்ப வாதம் வெற்றிகரமாக விளக்குகிறது.' இந்தக் கூற்றை மதிப்பிடுக. மாணவி ஆறு பத்தி எழுதியிருக்கிறாள். கிடைத்தது 8. ஓரத்தில் திருத்தியவரின் குறிப்பு: 'பெரும்பாலும் விவரிப்பு. ஒருதலைப்பட்சம். முடிவு வெறும் கூற்றாக நிற்கிறது.' எல்லா விடைத்தாளிலும் இப்படிக் குறிப்பு இருக்காது. இருந்தால் அதுதான் உங்கள் கைப்பிடி.

முதலில் பத்திகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

முதல் பத்தி: தீமையைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லாத நன்மை உண்மையான நன்மை ஆகாது என்ற வாதம், தத்துவ அறிஞர் பிளான்டிங்கா சொன்ன வடிவில். இது விவரிப்பு. இரண்டாம் பத்தி: 1955இல் தத்துவ அறிஞர் மாக்கி எழுப்பிய எதிர்ப்பு. ஒருவர் ஒரு முறை சுதந்திரமாக நல்லதைத் தேர முடியும் என்றால் எப்போதும் அப்படியே தேர்பவர்களைக் கடவுள் ஏன் படைக்கவில்லை? மூன்றாம் பத்தி: பிளான்டிங்காவின் பதில். சுதந்திரமாகத் தேர்பவர் எதைத் தேர்வார் என்பதைக் கடவுள் தீர்மானித்தால் அது சுதந்திரமே அல்ல. இதன் கடைசி இரண்டு வரிகளில் மாணவியின் சொந்தத் தீர்ப்பு: 'இந்தப் பதில் கடவுளும் தீமையும் ஒன்றாக இருப்பது முரண்பாடல்ல என்று காட்டுகிறது. தீமை ஏன் இருக்கிறது என்று விளக்கவில்லை.' நான்காம் பத்தி: இன அழிப்பு போன்ற பேரளவுத் தீமையை முன்வைத்து, அந்த விலைக்குச் சுதந்திரம் தகுமா என்ற கேள்வி. ஐந்தாம் பத்தி: நிலநடுக்கம், நோய். ஆறாம் பத்தி: முடிவு. கூற்றில் 'விளக்குகிறது' என்று இருப்பதால் அது பாதிதான் சரி, முரண்பாட்டை நீக்கும் அளவுக்கு வெற்றி, அளவை விளக்குவதில் தோல்வி.

இப்போது திருத்தியவரின் குறிப்போடு ஒப்பிடுங்கள். 'ஒருதலைப்பட்சம்' என்பது நிற்காது, ஏனென்றால் 2ஆம், 4ஆம் பத்திகள் எதிர்ப்பக்கம். 'முடிவு வெறும் கூற்று' என்பதும் நிற்காது. 6ஆம் பத்தியின் முடிவு 3ஆம் பத்தியில் போட்ட வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. 'பெரும்பாலும் விவரிப்பு' என்பதில் பாதி உண்மை உண்டு. 1ஆம் பத்தி விவரிப்புத்தான், மூன்றாம் பத்தியின் முற்பகுதியும் அப்படியே. இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டால் மற்ற இரண்டு வாதங்களுக்கும் வலு கூடும்.

ஐந்தாம் பத்தியைக் கடிதத்தில் தொடவே வேண்டாம். கேள்வி மனிதன் செய்யும் தீமையைப் பற்றியது, நிலநடுக்கம் அதில் அடங்காது. அந்தப் பத்திக்கும் மதிப்பெண் கேட்டால், 'குவிந்த பதில்' என்று நீங்கள் சொல்லும் அளவுகோலையே உங்கள் கையால் உடைத்தது போல ஆகும்.

சரி, கடிதத்தை எழுதிக் காட்டுங்கள்.

நீங்கள் அனுப்பப்போவது ஆங்கிலத்தில். பொருளும் வரிசையும் இப்படி இருக்கட்டும்:

> தேர்வு அலுவலர் அவர்களுக்கு,
>
> ஏ லெவல் சமயக் கல்வி, முதல் தாள், தீமை பற்றிய கேள்வியின் 15 மதிப்பெண் கூறு. எனக்குக் கிடைத்தது 8, அதாவது மூன்றாம் நிலை. இந்த விடையை மூன்றாம் நிலையில் வைத்தது மதிப்பீட்டுப் பிழை என்று கருதுகிறேன். இந்தத் தாளுக்கு மறுஆய்வு கோருமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் குறையவும் கூடும் என்பதை அறிவேன்.
>
> ஒன்று. விடை ஒருதலைப்பட்சமானது என்று குறிப்பிடப்பட்டுள்ளது. விடைத்தாளின் 5ஆம் பக்கம், இரண்டாம் பத்தியில் மாக்கியின் எதிர்ப்பும், 6ஆம் பக்கம், நான்காம் பத்தியில் தீமையின் அளவு குறித்த எதிர்ப்பும் உள்ளன. மூன்றாம் பத்தி முதல் எதிர்ப்புக்குப் பதில் சொல்லி, அந்தப் பதிலின் எல்லையையும் காட்டுகிறது. நான்காம் நிலை கேட்கும் 'ஓரளவு விமர்சனப் பகுப்பாய்வு' இதுவே.
>
> இரண்டு. முடிவு வெறும் கூற்று என்று குறிப்பிடப்பட்டுள்ளது. 7ஆம் பக்கத்து முடிவு, முரண்பாட்டை நீக்குவதற்கும் விளக்கம் தருவதற்கும் உள்ள வேறுபாட்டின் மேல் நிற்கிறது. அந்த வேறுபாடு 6ஆம் பக்கத்தின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டுள்ளது. ஆகவே முடிவை வாதம் தாங்குகிறது. மூன்றாம் நிலையின் 'முழுதாகத் தாங்கப்படாத மதிப்பீடு' என்ற விளக்கம் இதற்குப் பொருந்தாது.
>
> மூன்று. முதல் பத்தியும் மூன்றாம் பத்தியின் முற்பகுதியும் விவரிப்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் மிகப் பொருந்தும் நிலையை மொத்த விடையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். விடையின் பெரும்பகுதி கூற்றில் உள்ள 'விளக்குகிறது' என்ற சொல்லையே சோதிக்கிறது.

இவ்வளவுதான், ஒரு பக்கம். ஒவ்வொரு பத்தியிலும் மூன்று உறுப்புகள் இருப்பதைக் கவனியுங்கள்: திருத்தியவர் சொன்னது, விடைத்தாளில் உள்ள இடம், அளவுகோலின் சொல். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அந்தப் பத்தி வெறும் புகாராகிவிடும். 'எனக்கு 11 வேண்டும்' என்று எண்ணைக் கேட்கவில்லை என்பதையும் பாருங்கள். நிலை தவறு என்று காட்டினால் போதும், எண்ணை மறுஆய்வாளர் தேர்வார்.

என் ஆசிரியரே 'இது 12 வாங்கும்' என்றார். மாதிரித் தேர்வில் எப்போதும் ஏ கிரேடுதான். அதையும் எழுதலாமா?

எழுத வேண்டாம். ஆசிரியரின் கணிப்பு, மாதிரித் தேர்வு, பல்கலைக்கழக இடம், உடல்நிலை ஆகிய எதுவும் இந்த விடைத்தாளில் இல்லை. மறுஆய்வில் பார்க்கப்படுவது விடைத்தாள் மட்டுமே. நோய், குடும்பத் துயரம் போன்றவற்றுக்குச் 'சிறப்புப் பரிசீலனை' என்ற தனி வழி உண்டு, அதைப் பள்ளி தேர்வுக் காலத்திலேயே கேட்டிருக்க வேண்டும். ஆசிரியரிடம் கேட்க வேண்டியது வேறு: பத்தி பத்தியாக விடைத்தாளைப் படித்து, எந்த நிலை, ஏன் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் 10 என்றால் உங்களுக்கு வழக்கு உண்டு. '8 அல்லது 9' என்றால் இல்லை.

நான் சிவஞான போதத்தை மேற்கோள் காட்டினேன். திட்டத்தின் குறிப்பில் அது இல்லை. அதனால்தான் குறைத்திருப்பார்களோ?

ஏக்யூஏயின் இரண்டாம் தாளில் தேர்ந்தெடுக்கக்கூடிய ஐந்து சமயங்களில் இந்து சமயமும் ஒன்று, ஆகவே தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. உள்ளடக்கக் குறிப்பு ஒரு வழிகாட்டி மட்டுமே. அதில் உள்ளதையெல்லாம் எழுத வேண்டியதில்லை, அதில் இல்லாத பொருத்தமான விடையையும் அதன் தகுதிக்கேற்ப மதிப்பிட வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. ஆகவே சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் என்ற பகுப்பைக் கேள்வியோடு பொருத்தி வாதாடியிருந்து, அது முற்றிலும் கணக்கில் வரவில்லை என்று திருத்தியவரின் குறிப்பிலிருந்து தெரிந்தால் அது வலுவான காரணம். திட்டத்தின் அந்த வாக்கியத்தை அப்படியே மேற்கோள் காட்டுங்கள்.

நூற்பாவைச் சொல்லிவிட்டு வாதத்துக்குள் கொண்டுவராமல் நகர்ந்திருந்தால் நிலைமை வேறு. 15 மதிப்பெண் கூறில் அறிவைக் காட்டியதற்காக மட்டும் நிலை உயராது. ஆன்மா, உயிர், ஜீவன் என்ற சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றி எழுதியிருந்தால் அதையும் நேர்மையாகப் பாருங்கள். அங்கே குறை விடையில்தான் இருக்கிறது.

மதிப்பெண் குறையுமா?

குறையலாம். மறுஆய்வு கேட்பது ஒரு கேள்விக்கு அல்ல, அந்தத் தாள் முழுவதற்கும். 8 என்பது 10 ஆகி, வேறொரு கேள்வியில் தாராளமாக விழுந்த 13 என்பது 11 ஆனால் கைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. கிரேடும் இறங்கலாம். அதனால்தான் முடிவுகள் வெளியான பிறகு மாணவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் பள்ளி விண்ணப்பிக்கக் கூடாது என்று விதி.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மேல் கிரேடுக்கு எத்தனை மதிப்பெண் குறைவு, கீழ் கிரேடின் எல்லைக்கு எத்தனை மதிப்பெண் மேலே. மேலே செல்ல 2, கீழே விழ 15 என்றால் துணியலாம். மேலே செல்ல 11, கீழே விழ 1 என்றால் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

கெடு எப்போது?

முடிவு ஆகஸ்டு நடுவில் ஒரு வியாழக்கிழமை வரும். பல்கலைக்கழக இடம் இதை நம்பியிருந்தால் முன்னுரிமை மறுஆய்வு கேட்க ஏறத்தாழ ஒரு வாரம்தான் உண்டு, பதில் 15 நாளுக்குள் வரும். சாதாரண மறுஆய்வுக்குச் செப்டம்பர் கடைசி வரை நேரம் இருக்கும், பதிலுக்கு 20 நாள். பள்ளி வைக்கும் உள் கெடு இவற்றுக்கு முன்பே முடியும், அதைத்தான் நாட்காட்டியில் குறிக்க வேண்டும். முன்னுரிமை கேட்டதைப் பல்கலைக்கழகத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். வாரியம் உங்களுக்காக அதைச் செய்யாது.

கட்டணம் உண்டு. கிரேடு மாறினால் அது வசூலிக்கப்படாது.

பள்ளி விண்ணப்பிக்க மறுக்கிறது. என்ன செய்வது?

இப்படிப்பட்ட மறுப்பை எதிர்த்து மாணவர் முறையிட ஒவ்வொரு பள்ளியும் எழுத்து வடிவில் ஓர் உள் நடைமுறை வைத்திருக்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். மறுப்புக்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் காரணம் கட்டணமாகத்தான் இருக்கும். குடும்பமே செலுத்துவதாகச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுவதுண்டு.

மறுஆய்விலும் 8 மாறவில்லை. அதே கடிதத்தை மறுபடி அனுப்பலாமா?

அப்படியே அனுப்பினால் தோற்கும். முதலில் மறுஆய்வாளரின் காரணங்களைப் பள்ளி வழியாகக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீடு என்பது மூன்றாவது முறை திருத்தச் சொல்வதல்ல. மறுஆய்வுக்குப் பிறகும் பிழை நிற்கிறது என்றோ நடைமுறை பின்பற்றப்படவில்லை என்றோ காட்ட வேண்டும். முடிவு வந்த 30 நாட்களுக்குள் பள்ளி முதல்வர் அனுப்ப வேண்டும்.

ஆகவே கடிதத்தின் எதிர்ப்பக்கம் மாறுகிறது. இப்போது பதில் சொல்ல வேண்டியது மறுஆய்வாளருக்கு. அவர் 'இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் பகுப்பாய்வு இல்லை' என்று எழுதியிருந்தால், ஒருதலைப்பட்சம் பற்றிய முதல் பத்தியை எடுத்துவிடுங்கள், அந்த வாதத்தில் வென்றாயிற்று. மூன்றாம் பத்தியின் அந்தக் கடைசி இரண்டு வரிகளை அப்படியே படியெடுத்து வைத்து, ஒரு பதிலின் வெற்றியையும் எல்லையையும் பிரித்துச் சொல்வது எந்த அர்த்தத்தில் பகுப்பாய்வு இல்லை என்று கேளுங்கள். காரணத்தில் 6ஆம் பக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால் அதையும் சுட்டுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு படி உண்டு. வாரியத்தின் மேல்முறையீடு முழுதாக முடிந்த பின் ஆஃப்குவாலை அணுகலாம். அங்கே நடைமுறை சரியாக நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். கட்டுரையை யாரும் மறுபடி திருத்த மாட்டார்கள்.